10 மார்க் கேஸ் கேள்வி, கிடைத்தது 3: குருமாவில் கம்பி, போனில் வாந்தி

தாரிணி | சனி, இரவு 8:40

கேட்டரிங் இறுதியாண்டு படிக்கிறேன், சென்னையில்தான். கல்லூரிப் பெயர் வேண்டாம். மாதிரித் தேர்வில் உணவக மேலாண்மைத் தாளில் ஒரு கேஸ் கேள்வி வந்தது. விடைத்தாள் இன்றுதான் கைக்கு வந்தது. 10க்கு 3. எங்கே தப்பு என்று புரியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கேள்வி இது, சுருக்கி எழுதுகிறேன். 120 பேர் உட்காரும் குடும்ப உணவகம். நீங்கள் டூட்டி மேனேஜர். சனிக்கிழமை மதியம் 1:15க்கு ஏழாம் நம்பர் மேஜையில் ஒருவர் வெஜ் குருமாவில் இருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டை எடுத்துக் காட்டுகிறார். காயம் எதுவும் இல்லை. மாலை 4:30க்கு வேறு ஒரு வாடிக்கையாளர் போன் செய்கிறார். 1:30க்கு உங்களிடம் சாப்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்கள். ஆறு வயது மகன் 3:45க்கு வாந்தி எடுத்தான், மனைவி 4:10க்கு. அவர்கள் இருவரும் சாப்பிட்டது வெஜ் ஃப்ரைட் ரைஸும் கோபி 65ம். அவரும் அவருடைய அம்மாவும் தயிர் சாதம் சாப்பிட்டார்கள், அம்மா கோபியில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். இந்த இருவருக்கும் ஒன்றுமில்லை. கூடவே ஒரு குறிப்பு: ஃப்ரைட் ரைஸுக்கான சாதம் முந்தின இரவு 9 மணிக்கு வடித்தது, பெரிய தேக்சாவில் மூடி வெளியே இருந்தது, காலையில்தான் ஃப்ரிட்ஜுக்குப் போனது. என்ன செய்வீர்கள்?

நான் எழுதியது. கம்பிக்கு: மன்னிப்புக் கேட்டு, தட்டை உடனே உள்ளே எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, புது குருமா கொடுத்து, பில்லில் கழித்துவிடுவேன். போனுக்கு: மூன்று மணி நேரத்துக்குள் ஃபுட் பாய்சன் வராது, குறைந்தது ஆறேழு மணி நேரமாவது ஆகும் என்று பொறுமையாக விளக்குவேன். ஆனாலும் முன்னெச்சரிக்கையாக மீதி ஃப்ரைட் ரைஸ் முழுவதையும் கொட்டி, கிச்சனைக் கழுவி, அவருக்குப் பணம் திருப்பித் தருவேன்.

திருத்தியவர் முதல் பகுதி ஓரத்தில் "ஆதாரம்?" என்று ஒரு சொல் எழுதியிருக்கிறார். இரண்டாவதில் "யார் சொன்னது?" என்று. வேறு எதுவும் இல்லை.

---

மடிப்பாக்கம் சேகர் | 8:58

மெஸ் நடத்துகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன் தங்கச்சி, நீங்கள் எழுதியது நடைமுறையில் சரிதான். தட்டு மேஜையில் இருக்க இருக்கப் பிரச்சினை பெரிதாகும். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்ப்பார், அதற்கு அடுத்தவர் போனை எடுத்து வீடியோ பிடிப்பார். முதலில் தட்டைத் தூக்கு, அப்புறம் பேசு. பதினாறு வருஷமாக இதுதான் என் பாலிசி.

ஃப்ரைட் ரைஸ் விஷயத்தில் மட்டும் ஒன்று. அது தீ பறக்க வதக்குகிற ஐட்டம். அந்தச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்? நானாக இருந்தால் கோபி 65ஐத்தான் சந்தேகப்படுவேன். கலர் பொடி, பழைய எண்ணெய், இரண்டில் ஒன்று.

---

விக்னேஷ்_ஓஎம்ஆர் | 9:10

இது நல்ல டாபிக். போன வருஷம் எனக்கே நடந்தது. ஒரு ஹோட்டலில் சாம்பார் சாதத்தில் கல். கடித்ததும் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போய்விட்டது. பல் டாக்டரிடம் நல்ல செலவு. இதற்கு நஷ்டஈடு எவ்வளவு கேட்கலாம், எங்கே புகார் கொடுக்க வேண்டும்? தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்குமே.

---

தாரிணி | 9:14

அண்ணா, நான் ஹோட்டல் பக்கத்தில் இருந்து பதில் எழுத வேண்டியவள். நீங்கள் எதிர்ப்பக்கம் :)

---

ராஜமாணிக்கம் | 9:47

அம்மா தாரிணி, நட்சத்திர ஹோட்டல்களில் கிச்சன் சுகாதாரப் பொறுப்பில் இருபத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நாலைந்து கல்லூரிகளுக்கு விடைத்தாளும் திருத்தியிருக்கிறேன். அந்த "ஆதாரம்?" என்ற ஒரு சொல்லில்தான் உங்கள் ஐந்து மார்க் இருக்கிறது.

கம்பியைக் கொட்டிவிட்டீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? இரண்டு சென்டிமீட்டர் கம்பி வருவதற்கு நம் கிச்சனில் இரண்டு மூன்று வழிதான் உண்டு. பட்டையாக, ரிப்பன் போல, சுருண்டு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பர். உருண்டையாக, மெல்லியதாக, சீரான இடைவெளியில் நெளிவு இருந்தால் சல்லடை. உருண்டையாகவே நேராகவும் விறைப்பாகவும் இருந்தால் அடுப்பும் கிரில்லும் சுரண்டுகிற வயர் பிரஷ். ஸ்க்ரப்பர் என்றால் அந்தக் குருமா அண்டாவை யார், எப்போது தேய்த்தார்கள் என்று பார்ப்பேன். அதே ஸ்க்ரப்பரால் தேய்த்த மற்றப் பாத்திரங்களில் இருக்கும் உணவும் கேள்விக்குரியதுதான். சல்லடை என்றால் தேங்காய்ப்பால் வடிகட்டியதா, மாவு சலித்ததா என்று கதை வேறு பக்கம் போகும். இந்த முடிவு எல்லாம் அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் வரும்.

அடுத்தது, நீங்கள் எழுதாமலே விட்டது. ஏழாம் மேஜைக்குப் புது குருமா கொடுத்தீர்கள். எந்த அண்டாவிலிருந்து? அதே அண்டாவிலிருந்துதானே! அதில் இன்னொரு துண்டு இருக்காது என்று யார் உத்தரவாதம்? அந்த அண்டாவை உடனே நிறுத்த வேண்டும். அதுவரை யார் யாருக்குக் குருமா போனதோ அந்த மேஜைகளைக் கேப்டன் போய்ப் பார்க்க வேண்டும். திருத்துகிறவன் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். பத்தில் எட்டுப் பேர் எழுதுவதில்லை.

சேகர் தம்பி, தட்டைத் தூக்குவதில் தப்பில்லை. தூக்கும் விதத்தில்தான் இருக்கிறது. "சார், இதைப் பத்திரமாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன், எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, அவர் கண்ணெதிரே ஒரு போட்டோ எடுத்து, துண்டைச் சுத்தமான சின்ன கவரில் போட்டு, தேதி, நேரம், மேஜை எண், டிஷ் பெயர் எழுத வேண்டும். கேட்காமல் பறித்துக்கொண்டு போனால் மறைக்கிறோம் என்றுதான் அவர் நினைப்பார். வீடியோ அப்போதுதான் ஆரம்பிக்கும்.

போன் பகுதியை நாளை காலை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

---

மடிப்பாக்கம் சேகர் | 10:02

ஐயா சொல்வது நியாயம்தான். அதே அண்டாவில் இருந்து மறுபடி ஊற்றிக் கொடுத்த ஆள் நானும்தான். அதுபற்றி இதுவரை யோசித்ததே இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம். வாடிக்கையாளர் "கம்பியை நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்" என்றால்? கொடுத்துவிடுவதா? நாளைக்கு அதை வைத்துக்கொண்டே நம் மேல் புகார் கொடுப்பாரே.

---

நசீர் திருவல்லிக்கேணி | 10:20

கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன். சேகர் பாய், கொடுத்துவிடுங்கள். அது அவர் காசு கொடுத்து வாங்கிய சாப்பாட்டில் இருந்து வந்தது. நான் போட்டோவை மட்டும் ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்துக்கொள்வேன், நீளம் தெரியும்படி. பிடுங்கப் பார்த்தால் கைகலப்பில் போய் முடியும்.

---

ராஜமாணிக்கம் | ஞாயிறு, காலை 6:15

இதில் நசீரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. துண்டு அவரிடம் போய்விட்டால் அது மாறாமல் இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நான் இருந்த இடங்களில் முடிந்தவரை நாங்களே வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு அவருக்கு ஒரு சீட்டுத் தருவோம். பிடிவாதம் பிடித்தால் கொடுப்போம், கொடுத்ததையும் எழுதி வைப்போம். தேர்வில் எது எழுதினாலும், அதைப் பதிவு செய்ததாக எழுதினால் மார்க் வரும். சட்டத்தில் இதற்குத் தண்டம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 54ஆம் பிரிவு, உணவில் அந்நியப் பொருள் இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை.

இப்போது போன். "யார் சொன்னது?" என்று எழுதியவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. இரண்டு தப்பு ஒன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒன்று, டாக்டர் வேலை பார்த்தீர்கள். இரண்டு, அந்த வேலையையும் தப்பாகப் பார்த்தீர்கள்.

ஆறேழு மணி நேரம் என்ற கணக்கு சில கிருமிகளுக்குத்தான். சால்மோனெல்லா மாதிரியானவை வயிற்றுக்குள் போய்ப் பெருகித்தான் வேலை காட்டும். அரை நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். ஆனால் கிருமி உணவிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிட்டால், அந்த நஞ்சு உள்ளே போன சீக்கிரத்தில் வாந்தி வரும். அரை மணியில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள். மகனுக்கு இரண்டேகால் மணி நேரம், மனைவிக்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம். இரண்டு பேருக்கும் வாந்தி, ஏறக்குறைய ஒரே இடைவெளி. கேள்வித்தாள் அந்த நேரங்களைச் சும்மா கொடுக்கவில்லை.

---

பானு எம். | 7:32

லேபில் இருப்பவள், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சேகர் அண்ணா கேட்டார், தீ பறக்க வதக்கினால் எந்தக் கிருமி பிழைக்கும் என்று. கிருமி பெரும்பாலும் செத்துவிடும். அது விட்டுப் போன நஞ்சு சாகாது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் விதைகள் இயல்பாகவே இருக்கும், கொதிக்கும்போதும் தப்பிக்கும். வடித்த சாதம் பெரிய பாத்திரத்தில் மூடி ராத்திரி முழுக்க இருந்தால் நடுவில் வெதுவெதுப்பு போகவே போகாது. சென்னை ராத்திரியில் சொல்லவே வேண்டாம். அந்த விதைகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சாதத்திலேயே சுரக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். அதாவது பிரஷர் குக்கரில் ஒன்றரை மணி நேரம். கடாயில் ஐந்து நிமிஷம் வதக்குவது அதற்கு ஒன்றுமே இல்லை. காலையில் ஃப்ரிட்ஜில் வைத்ததும் பயனில்லை, நஞ்சு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வாசனை, ருசி எதுவும் மாறாது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

ஆனால் இது சாதம்தான் என்று நானே அடித்துச் சொல்ல மாட்டேன். கையில் புண் இருக்கும் சமையல்காரரிடம் இருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சும் இதே மாதிரி, இதே நேரத்தில் வாந்தி வரவைக்கும். வெளியே பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சோதனைக்கு உணவு வேண்டும்.

அதைத்தான் தாரிணி கொட்டிவிட்டார் :(

---

தாரிணி | 8:05

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் வீட்டிலேயே ராத்திரி சாதத்தைக் காலையில் தாளித்துத்தான் சாப்பிடுகிறோம்.

ஐயா, ஒன்று கேட்கிறேன். சந்தேகமான சாப்பாட்டைக் கொட்டச் சொல்லித்தானே பாடத்தில் இருக்கிறது? ஃப்ரிட்ஜ் கெட்டுப் போனால் கொட்டு, சூடு குறைந்தால் கொட்டு என்று. இங்கே மட்டும் ஏன் வைத்திருக்க வேண்டும்? யாராவது எடுத்துப் பரிமாறிவிட்டால்?

---

ராஜமாணிக்கம் | 8:50

நல்ல கேள்வி. மாணவர்கள் பெரும்பாலும் விழுவது இந்தக் குழியில்தான். யாரும் சாப்பிடுவதற்கு முன்னால் சூடு குறைந்ததைக் கண்டுபிடித்தால் கொட்டலாம், அங்கே நிரூபிக்க எதுவும் இல்லை. யாரோ சாப்பிட்டு உடம்பு சரியில்லை என்று சொன்ன பிறகு அந்த உணவு சாட்சி ஆகிவிடுகிறது. அதனால் விற்பனையை நிறுத்து, தனியே வை, சீட்டு ஒட்டு, கொட்டாதே. கிச்சனைக் கழுவுவதும் அப்படித்தான். கழுவக் கூடாது என்று இல்லை. முதலில் சாதம் இருந்த தேக்சா, மிச்ச சாதம், அன்றைய கோபி மாவு எல்லாம் தனியே போன பிறகு கழுவு. எல்லாவற்றையும் கழுவிவிட்டு "எங்களிடம் எதுவும் இல்லை" என்று அதிகாரியிடம் சொன்னால், அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடு உண்மையில் நல்லதாகவே இருந்திருந்தாலும் அதைக் காட்ட உங்களிடம் ஒரு பருக்கைகூட இருக்காது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் நான்காகப் பிரிப்பார். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் இருக்கிற ஆய்வகம் பலருக்குத் தெரியும். அறிக்கை 14 நாளுக்குள் வர வேண்டும். ஹோட்டல்காரர் கேட்டால் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லலாம். இந்த உரிமை எல்லாம் உணவு இருந்தால்தான்.

---

பானு எம். | 9:03

ஒரு சின்னச் சேர்க்கை. எடுத்து வைப்பதை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைய வைத்தால் சில கிருமிகள் செத்துப் போய்ச் சோதனையில் ஒன்றும் கிடைக்காமல் போகும். வெளியே விட்டால் இல்லாதது வளர்ந்துவிடும். இரண்டுமே பொய்ச் சாட்சி.

---

நசீர் திருவல்லிக்கேணி | 9:30

நாங்கள் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒவ்வொரு ஐட்டத்திலும் கால் கிலோ எடுத்து மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம், 72 மணி நேரம். புகார் வந்தாலும் வராவிட்டாலும். ஆரம்பத்தில் பசங்க சிரித்தார்கள், பிரியாணியை யாருக்கு பாய் எடுத்து வைக்கிறீர்கள் என்று. ஒரு தடவை முப்பது பேருக்கு வயிற்றுப்போக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். டப்பாக்களை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் சாப்பாட்டில் எதுவும் வரவில்லை. மண்டபத்துத் தண்ணீர் மேல் சந்தேகம் போனது, கடைசிவரை முடிவாகத் தெரியவில்லை. ஆனால் என் பெயர் தப்பியது.

---

விக்னேஷ்_ஓஎம்ஆர் | 10:11

என் கல் கேஸுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

---

ராஜமாணிக்கம் | 10:40

விக்னேஷ், மறக்கவில்லை. அந்தக் கல் இருக்கிறதா? சாப்பிட்ட பில், பல் டாக்டர் சீட்டு?

---

விக்னேஷ்_ஓஎம்ஆர் | 10:44

டாக்டர் சீட்டு இருக்கிறது. பில் போன் மூலம் கட்டியதால் பதிவு இருக்கும். கல்லைக் கோபத்தில் அங்கேயே துப்பிவிட்டேன். சர்வர் துடைத்துவிட்டார்.

---

ராஜமாணிக்கம் | 10:52

அப்படியானால் கஷ்டம்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், முடியாது என்று இல்லை. ஆனால் சீட்டுக்கும் பில் பதிவுக்கும் மேல் காட்ட எதுவும் இல்லை. தாரிணி, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மேஜையை அன்று மேனேஜர் ஒழுங்காகக் கையாண்டிருந்தால் கல் இன்று ஹோட்டலிடம் கவரில் இருக்கும், இவரும் அன்றே டாக்டரிடம் போயிருப்பார்.

சரி, போனில் என்ன பேச வேண்டும் என்று வருவோம். முதல் வரி குழந்தையைப் பற்றி. "இப்போது எப்படி இருக்கிறான் சார்? தண்ணீர் தங்குகிறதா? டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்கள்." ஆறு வயதுப் பையன் வாந்தி எடுக்கிறான், அப்பா பதறுகிறார். அவரிடம் முதலில் பில் நம்பர் கேட்டால் அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். மாத்திரை பெயர் எதையும் நாம் சொல்லக் கூடாது.

அப்புறம் கேட்டு எழுத வேண்டும், அவர் சொன்ன சொல்லிலேயே. "மூன்று தடவை வாந்தி, பேதி இல்லை, காய்ச்சல் இல்லை" என்று அவர் சொன்னால் அதையே எழுதுங்கள். "ஃபுட் பாய்சன்" என்று நீங்கள் எழுதாதீர்கள், அவர் சொன்னால் மேற்கோளில் போடுங்கள். யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, முதலில் எப்போது ஆரம்பித்தது, இங்கிருந்து பார்சல் ஏதாவது கொண்டு போனார்களா, போனால் கொட்டாமல் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே வேறு என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்வி கட்டாயம் வேண்டும். ஆனால் கடைசியில். முதலிலேயே கேட்டால் பழியை வேறு இடத்தில் போடப் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். அது நியாயமான கோபமும்கூட.

மன்னிப்புக் கேட்கலாமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். "உங்களுக்கு இப்படி ஆனதற்கு வருத்தமாக இருக்கிறது சார்" என்று தாராளமாகச் சொல்லலாம். "எங்கள் சாப்பாட்டால்தான் ஆகியிருக்கும்" என்றும் சொல்லாதீர்கள், "எங்கள் சாப்பாட்டால் இருக்கவே முடியாது" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே உங்களுக்கு அந்த நிமிஷம் தெரியாத விஷயம். "வேறு யாரும் சொல்லவில்லையே" என்பது இன்னும் மோசம். அடுத்த பத்து நிமிஷத்தில் இன்னொரு போன் வரலாம்.

கடைசியாக, "ஏழு மணிக்குள் நானே கூப்பிடுகிறேன்" என்று ஒரு நேரம் சொல்லி, அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும். கண்டுபிடிக்க எதுவும் இல்லாவிட்டாலும் குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்காகவாவது.

---

தாரிணி | 11:25

கேள்வியை மறுபடி படித்தேன். அம்மா கோபியில் இரண்டு துண்டு சாப்பிட்டார், அவருக்கு ஒன்றுமில்லை என்று இருக்கிறது. அதைக் கவனிக்கவே இல்லை. அப்படியென்றால் கோபி குற்றமற்றது, ஃப்ரைட் ரைஸ்தான் என்று எழுதலாமா?

---

பானு எம். | 11:40

சந்தேகம் ஃப்ரைட் ரைஸ் பக்கம் சாய்கிறது என்று எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம். நாலு பேர்தான் இருக்கிறார்கள். பாட்டி சாப்பிட்டது இரண்டு துண்டு, பையன் பாதித் தட்டு சாப்பிட்டிருப்பான். நஞ்சு என்றால் அளவும் கணக்கு. அதனால் கோபியையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். நேரம் நமக்குச் சொல்வது எந்த உணவை முதலில் பத்திரப்படுத்துவது என்பதை மட்டும்.

இதே போனில் "நேற்று ராத்திரியில் இருந்து காய்ச்சல், பேதி" என்று சொல்லியிருந்தால் நான் இன்றைய மதியச் சாப்பாட்டைச் சந்தேகப்பட மாட்டேன். மக்கள் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் சொல்வார்கள். ஆனால் அதையும் அவரிடம் வாதாடக் கூடாது.

---

மடிப்பாக்கம் சேகர் | 12:10

எல்லாம் சரி, ஒன்று மட்டும் இடிக்கிறது. அந்த ஃப்ரைட் ரைஸ் அன்று மதியம் நாற்பது தட்டு போயிருக்கும். பாதி ஆன்லைன் ஆர்டர். அவர்களை எல்லாம் கூப்பிட்டு "வாந்தி வந்ததா" என்று கேட்கச் சொல்வீர்களா? கேட்டால் வராதவனுக்கும் வரும். திங்கட்கிழமை கடையை மூட வேண்டியதுதான்.

---

ராஜமாணிக்கம் | 12:45

ஒரே குடும்பத்தில் இருந்து ஒரு போன் மட்டும் என்றால் நானும் எல்லோரையும் கூப்பிட மாட்டேன். வேறு வீட்டில் இருந்து இரண்டாவது போன் வந்தால் கூப்பிடுவேன். ஆனால் கூப்பிடாமல் இருப்பதும் விற்காமல் இருப்பதும் வேறு. 4:30க்கு மேல் ஒரு தட்டுகூடப் போகக் கூடாது, ஆப்பில் அந்த ஐட்டத்தை அணைத்துவிட வேண்டும், கிளம்பிக்கொண்டிருக்கும் பார்சலைத் திரும்ப வாங்க வேண்டும்.

---

நசீர் திருவல்லிக்கேணி | 1:02

எனக்கு இது உறுத்துகிறது ஐயா. அந்த நாற்பதில் ஒரு கைக்குழந்தை வீடு இருந்தால்? பார்சலைப் பாதி சாப்பிட்டு ராத்திரிக்கு வைத்திருந்தால்? "மிச்சம் இருந்தால் சாப்பிட வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் போட என்ன குறைந்துவிடும்? நோய் பற்றிப் பேசவே தேவையில்லை.

---

ராஜமாணிக்கம் | 1:20

பார்சல் வாங்கியவர்களுக்கு அந்த மெசேஜ். யோசிக்க வேண்டிய விஷயம். நான் இருந்த காலத்தில் பார்சலே குறைவு, அதனால் இப்படி யோசித்ததில்லை. தேர்வில் எழுதினால் நான் மார்க் போடுவேன், மற்றவர் போடுவாரா என்று சொல்ல முடியாது.

தகவல் கொடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே மாதிரி உடம்பு சரியில்லை என்றாலே அதைக் கூட்டு நோய் என்று எடுத்துக்கொண்டு விசாரிப்பது வழக்கம். இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். அதனால் முதலாளிக்கு உடனே சொல்லி, உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்குத் தெரிவிப்பதாக எழுதுங்கள். சமையலறையில் அன்று யாருக்காவது வாந்தி, பேதி, கையில் புண் இருந்ததா என்று பார்த்து, இருந்தால் உணவுப் பக்கம் விடாமல் அனுப்புவதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

---

தாரிணி | மாலை 5:50

மறுபடி எழுதிப் பார்த்தேன். இந்தத் தடவை ஒன்றரைப் பக்கம் வந்தது. குருமா அண்டாவை நிறுத்தியது, துண்டைப் போட்டோ எடுத்தது, போனில் குழந்தையைக் கேட்டது, சாதத்தையும் தேக்சாவையும் கோபியையும் தனியே வைத்தது எல்லாம் இருக்கிறது. பணம் திருப்பித் தருவதைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டேன். திங்கட்கிழமை மிஸ்ஸிடம் காட்டுகிறேன்.

எடுத்து வைக்கும் உணவின் மேல் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சந்தேகம். "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று போதுமா?

---

நசீர் திருவல்லிக்கேணி | 6:15

"பரிமாறாதே, கொட்டாதே" இரண்டும் வேண்டும். முதலாவது குக்குக்கு, இரண்டாவது ராத்திரி பாத்திரம் கழுவ வருகிறவருக்கு. ஒரு தடவை நான் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். பாத்திரம் கழுவுகிற பையன் ஒடிசாக்காரன், ஒரு எழுத்துகூடத் தெரியாது. ராத்திரி பதினொன்றுக்கு டப்பாவையும் கழுவிப் பளபளவென்று கவிழ்த்து வைத்துவிட்டான்.

---

மடிப்பாக்கம் சேகர் | 6:31

என் மெஸ்ஸில் கழுவுகிற இரண்டு பேரும் பீகார். நசீர் பாய், இந்தியில் என்ன எழுதணும்?

---

நசீர் திருவல்லிக்கேணி | 6:34

"மத் ஃபேங்கோ." அதோடு டப்பாவுக்குக் குறுக்கே சிவப்பு டேப். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும், முதல் நாளே ஒரு தடவை காட்டிச் சொல்லிவிடுங்கள்.